வாசல் தெளித்த பிறகு

ஆடி மாதம்.
ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால்
எனக்கு முன்னே காற்று உள்ளே வந்துவிடுகிறது.
மயிலாடுதுறை ஜங்ஷன் பக்கம்
ஒரு ரயில் கூவிவிட்டுப் புறப்படுகிறது.
தெருவிளக்கு இன்னும் எரிகிறது.

முதலில் பெருக்க வேண்டும்.
தென்னந்துடைப்பம் நீளமாக விழ விழ
வேப்பம்பழக் கொட்டை, மிட்டாய்த் தாள்,
யாரோ கசக்கிப் போட்ட பஸ் டிக்கெட்,
அவற்றோடு நேற்றைய கோலத்தில் மிஞ்சிய
இரண்டு வளைவும் போய்விடுகின்றன.
நேற்று அரைமணி நேரம் போட்ட கோலம் அது.
கை தயங்குவதில்லை.

பிறகு தண்ணீர்.
சாணம் கிடைக்கும் நாளில் கரைத்துத் தெளிப்பேன்.
இப்போது எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் மாடு,
சாலையும் சிமெண்டாகிவிட்டது.
வெறும் தண்ணீரையாவது
வாளியிலிருந்து அள்ளி வீசித் தெளிக்க வேண்டும்,
ஊற்றக் கூடாது.
ஈரம் கூடினால் மாவு கரையும்,
குறைந்தால் காற்றோடு போகும்.
வெறுங்காலை வைத்தால்
பாதம் குளிர வேண்டும், நனையக் கூடாது.
இது அத்தை சொல்லித் தந்த அளவு.
இந்த வீட்டுக்கு நான் வந்த புதிதில்
என் கையில் வாளியைக் கொடுத்துவிட்டு
அவர் நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்தார்.
"சத்தத்தைக் கேளு," என்றார்.
"சளசளன்னு கேட்டா அதிகம்.
சடசடன்னு கேக்கணும்."
இன்றும் தெருவில் அடுத்தடுத்த வாசல்களில்
அந்தச் சடசடப்பு எழும்போது
எந்த வீடு எழுந்தது, எது இன்னும் எழவில்லை என்று
கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன்.

கொட்டாங்குச்சியில் மாவு.
வெள்ளைக்கல் மாவு இரண்டு பங்கு,
பச்சரிசி மாவு ஒரு பங்கு.
கல்மாவு விரலிலிருந்து ஒழுங்காக இறங்கும்,
அரிசிமாவு எறும்புக்கு.
சைக்கிளில் கூவி விற்றுக்கொண்டு வருவது முழுக்கக் கல்.
அதை மட்டும் போட்ட ஒரு காலையில்
கருப்பெறும்பு ஒன்று கோட்டோரம் வந்து
முகர்ந்து பார்த்துவிட்டு
அப்படியே திரும்பிப் போனது.
விருந்துக்குக் கூப்பிட்டு
வெறும் இலையைப் போட்டது போல எனக்கு ஆகிவிட்டது.
அன்றிலிருந்து ஒரு பிடி அரிசியை
ஊறவைத்து, உலர்த்தி, இடித்து, சலித்து,
கலக்காமல் நான் வாசலுக்கு வருவதில்லை.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள்.
மாவு எம்மாத்திரம்?
அதனால் இந்த மாதம்
காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிய வேண்டும்.
கையைத் தரைக்கு மிகப் பக்கத்தில் வைத்து
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
சிமிட்டும் நேரத்தில் ஒரு புள்ளி.

இன்றைக்கு 7 புள்ளி, ஊடுபுள்ளி, 4 வரை.
நடுவில் 7 முதலில்.
மேலே இரண்டு புள்ளிக்கு நடுவே ஒன்றாக 6,
அதற்கும் மேலே 5, அப்புறம் 4.
கீழேயும் அப்படியே 6, 5, 4.
மொத்தம் 37.
அத்தைக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி.
ஆனால் 15 புள்ளிக் கோலத்தை
எண்ணாமல் வைப்பார்.
பக்கத்துப் புள்ளியைப் பார்த்து அடுத்த புள்ளி,
அதைப் பார்த்து அதற்கடுத்தது.
எல்லாம் வைத்து முடித்து நிமிர்ந்தால்
எந்த வரிசையும் கோணியிருக்காது.

இப்போது கம்பி.
சிக்குக் கோலத்தில்
கோடு எந்தப் புள்ளியையும் தொடுவதில்லை.
பக்கத்தில் போகிறது, வளைகிறது,
சுற்றிக்கொண்டு விலகுகிறது.
விலகும் இடத்தில் தன்னையே ஒருமுறை தாண்டி
அடுத்த புள்ளிக்கு ஓடுகிறது.
ஒரு புள்ளி விடுபட்டால் போதும்,
தெருக்கோடியில் நின்று பார்ப்பவருக்கும் தெரியும்
எங்கோ ஒன்று தனியாக நிற்கிறது என்று.
37 புள்ளிக்கும் வளைவு வேண்டும்.
ஓரத்தில் நிற்பதற்கு ஒரு சுழி கூடுதலாக வேண்டும்,
அதற்குப் பக்கத்தில் ஆள் குறைவு.
நான் கோலத்தில் எதையாவது விரும்புகிறேன் என்றால்
இந்த ஓரத்துச் சுழிகளைத்தான்.

போகும்போது கைக்கு எல்லாம் தெரிகிறது.
எங்கே இடது, எங்கே வலது,
எந்த வளைவில் மூச்சை நிறுத்த வேண்டும்.
கேட்டால் என் வாய்க்குச் சொல்லத் தெரியாது.
1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி,
கமலா கிருத்திவாசன் மூவரும்
கோலத்துக்கென்று இலக்கணமே எழுதினார்கள்,
கணினியும் பின்பற்றக்கூடிய விதிகளாக.
தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில்
கிஃப்ட் சிரோமணி அதன்பிறகும் அதைத் தொடர்ந்தார்.
என் மகள் அதைப் படித்துக் காட்டியபோது
எனக்குப் பெருமையாக இருந்தது.
இத்தனை காலம் இந்தத் தெருவில்
குனிந்த முதுகுகள் எல்லாம்
இலக்கணம் தெரிந்த முதுகுகள்.

கம்பி சுற்றிக்கொண்டு
புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறது.
சேரும் இடம் தெரியாதபடி சேர்க்க வேண்டும்.
ஓரத்தில் காவி இழுத்து நிமிர்ந்தால்
கிழக்கே வெளுத்திருக்கும்.
இடுப்பில் கை வைத்துக்கொண்டு
ஒரு தரம் முழுதாகப் பார்ப்பேன்.
எனக்கான நேரம் அவ்வளவுதான்.

ஏனென்றால் பால்காரரின் டயர் வருகிறது.
பேப்பர் பையன் ஒரு காலை நடுவில் ஊன்றித்
திரும்பிப் போகிறான்.
நாய் ஒன்று தெற்கு ஓரத்தில் படுத்து எழுகிறது,
அதன் வயிற்றில் பாதிச் சுழி.
எறும்பு வரிசை காவியைத் தாண்டி வந்து
என் கண்ணுக்குத் தெரியாத துணுக்கை
வாயில் கவ்விக்கொண்டு போகிறது.
எட்டு மணிக்குப் பள்ளி வேன்.
பிள்ளைகள் மட்டும் தாண்டிக் குதிக்கிறார்கள்,
பெரியவர்களுக்குத்தான் அவசரம்.
பகல் வெயிலில் வெளுத்து,
மாலைக் காற்றில் கலைந்து,
மழை வந்தால் எல்லாம் ஒரே நிமிடத்தில்.

"இவ்வளவு கஷ்டப்பட்டுப் போடுறீங்க,
போயிடுதே, வருத்தமா இல்லையா அக்கா?"
மாடி வீட்டுக்குப் புதிதாக வந்த பெண் கேட்டாள்.
இல்லை.
வருத்தமே இல்லை என்று நான் சொன்னதை
அவள் நம்பவில்லை.
சென்னையில் என் தங்கை வீட்டு வாசலில்
ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருக்கிறது.
லிஃப்ட் பக்கத்தில் இரண்டடி இடம்,
அவள் மேல் எனக்குக் குறையில்லை.
அழகாகத்தான் இருக்கிறது, எட்டிதழ்த் தாமரை.
தங்கை வீட்டார் மூவரும் ஒரு வாரம் ஊருக்கு வந்திருந்தபோதும்
பூட்டிய கதவுக்கு முன்னால்
அது அப்படியே மலர்ந்திருந்ததாம்.
கேட்டதும் எனக்குச் சங்கடமாகிவிட்டது.
அழியாத கோலத்துக்கு
உள்ளே ஆள் இருப்பதும் இல்லாததும் ஒன்று.

எங்கள் தெருவில் வாசல்தான் செய்தி.
ஈரமும் கோலமும் இருந்தால்
இந்த வீட்டில் ஒருத்தி எழுந்துவிட்டாள்,
அடுப்பு பற்றப்போகிறது, குறை ஒன்றும் இல்லை.
மார்கழியில் சாணி உருண்டையும் பூசணிப்பூவும் கண்டால்
சாவகாசமான வீடு.
காப்பரிசி போட்டார்களோ, பெண் பார்க்க வந்தார்களோ,
கோலம் ஒரு சுற்று பெரிதாகியிருக்கும்.
மாமா போனபோது
கருமாதி முடிகிற வரை
எங்கள் வாசல் வெறும் மண்ணாகக் கிடந்தது.
யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.
தெருவில் நுழைந்தவர்கள்
அந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடந்தார்கள்.
முடிந்த மறுநாள்
அத்தை எனக்கு முன்னே எழுந்து வந்து
நாலு புள்ளி வைத்துவிட்டு உள்ளே போனார்.
புருஷன் போனவள் வாசலில் குனியக் கூடாது என்று
உறவில் ஒருவர் முணுமுணுத்தார்.
அத்தை காதில் வாங்கவில்லை.
நானும் வாங்கவில்லை.

எதிர்வீட்டில் ஒரு பாட்டி, தனியாக.
பிள்ளைகள் துபாயிலும் திருப்பூரிலும்.
அவருடைய கோலம் 3 புள்ளி, 3 வரிசை,
சுற்றி ஒரே கம்பி, உள்ளங்கை அகலம்.
என் கடைசி வளைவை முடித்து நிமிரும்போது
கண் தானாக அந்தப் பக்கம் போகும்.
இருக்கும்.
நான் உள்ளே வந்து காபிக்குத் தண்ணீர் வைப்பேன்.

போன பங்குனியில் ஒருநாள்
ஆறரை ஆகியும் எதிர் வாசல் காய்ந்து கிடந்தது.
முந்தைய நாள் கோலம் மிதிபட்டு அப்படியே.
பால் பாக்கெட் கதவுப் பிடியில் தொங்கியது.
கூப்பிட்டோம், தட்டினோம்.
மூன்றாம் வீட்டு அண்ணன் கொல்லைச் சுவரேறிக் குதித்தார்.
கிணற்றடியில் வழுக்கி விழுந்திருந்தார் பாட்டி.
இருட்டோடு எழுந்து போனவர்,
இடுப்பெலும்பு விட்டிருந்தது.
"எவ்வளவு கத்தினேன் தெரியுமா," என்றார்.
அவர் குரல் தெருவரை வரவில்லை.
போடாத கோலம்தான் வந்து எங்களை அழைத்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள்
என் வாசலை முடித்த கையோடு
அவர் வாசலுக்கும் போய்த் தெளித்து
9 புள்ளியை வைக்கப் போனேன்.
ஜன்னலில் கம்பின் தட்டல்.
"அம்மாடி, தெளிச்சுட்டுப் போ, போதும்.
புள்ளி நான்தான் வைப்பேன்.
நீ போட்டுட்டுப் போயிட்டா
நான் எழுந்தேனா இல்லையான்னு
தெருவுக்கு எப்படித் தெரியும்?"

அன்றிலிருந்து தண்ணீர் என்னுடையது,
கோலம் அவருடையது.
குனிய முடியாது.
பிளாஸ்டிக் ஸ்டூலை நிலைப்படியோரம் இழுத்துப் போட்டு
உட்கார்ந்தபடி கையைத் தொங்கவிட்டு
மெதுவாக வைக்கிறார்.
கம்பி நடுங்குகிறது, ஒரு மூலையில் தடித்து
மறு மூலையில் இழையாகிறது.
9 புள்ளியில் ஒன்றுகூட விடுபடுவதில்லை.
எனக்கு இந்தத் தெருவில் பிடித்த கோலம் எது என்று கேட்டால்
யோசிக்காமல் அதைக் காட்டுவேன்.

இன்றும் பார்த்தாயிற்று, இருக்கிறது.
காற்று அதற்குள் ஒரு பக்கத்தை அள்ளிக்கொண்டிருக்கிறது.
பரவாயில்லை, பார்த்தாயிற்று.

வாளியைக் கவிழ்த்துக் கொட்டாங்குச்சியை மூடுகிறேன்.
மாவு அடியில் இருக்கிறது, அரிசி ஊறவைக்க வேண்டும்.
மகள் பல் விளக்கிக்கொண்டே
நாளைக்கு 11 புள்ளியைத் தானே போடுவதாகச் சொல்கிறாள்.
நாளைக்கு வேண்டாம், நாளை மறுநாள் போடு.
நாளை மாமாவுக்குத் திவசம்,
சாஸ்திரிகள் கிளம்புகிற வரை
நம் வாசலில் கோலம் கிடையாது.
அதற்கு முன்னால் ஒரு வேலை செய்,
எதிர்வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாட்டியிடம்
இன்றைக்கே சொல்லிவிட்டு வா.
இல்லையென்றால் ஆறரை மணிக்கு
கம்பை ஊன்றிக்கொண்டு சாலையைக் கடந்து வந்து
நம் கதவைத் தட்டுவார்.