பிரபு தம்பிக்கு: கார், பைக் லைசென்ஸ் தேர்வு வரை பயிற்சிப் பள்ளி அனுப்பிய நினைவூட்டல்கள்

ஜனவரி 6, செவ்வாய், மாலை 7 மணி

வணக்கம் தம்பி. உங்கள் எல்எல்ஆர் ஜனவரி 5 தேதியிட்டது. ஆறு மாதம் செல்லும், ஜூலை 4 வரை. வழங்கிய நாளிலிருந்து 30 நாள் முடியாமல் லைசென்ஸ் தேர்வுக்குப் போக முடியாது. அதை வைத்துத்தான் உங்கள் நாட்களைப் பிரித்திருக்கிறோம்: நாளை முதல் பிப்ரவரி 4 வரை 21 வகுப்பு, 5ஆம் தேதி விண்ணப்பம், அடுத்த வாரம் தேர்வு.

கார் வகுப்பு தினமும் காலை 6.30 முதல் 7 வரை. ஞாயிறு, பொங்கல் நாட்களான 15, 16, 17, குடியரசு தினமான 26 ஆகியவை விடுமுறை. 21 அரை மணி என்றால் பத்தரை மணி நேரம். விதியில் சொன்ன குறைந்தபட்சம் 10 மணி நேரம். நமக்குக் கையில் ஒரே ஒரு வகுப்புதான் மிச்சம். அதனால் வர முடியாத நாளை முந்தைய இரவு 8 மணிக்குள் சொல்லிவிடுங்கள், மாலையில் ஈடு செய்துகொள்ளலாம். நேரம் என்பது நீங்கள் ஸ்டியரிங் பிடித்த நிமிடங்கள் மட்டுமே. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை உங்கள் நோட்டில் எழுத வேண்டாம்.

ஜனவரி 7, புதன், காலை 5.45

முதல் வகுப்பு. பின்பட்டி இல்லாத செருப்பு வேண்டாம். பெடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். ஷூவோ, பட்டி வைத்த செருப்போ போடுங்கள். எல்எல்ஆர் பையில் இருக்கட்டும்.

இன்றைக்கு வண்டி அதிகம் ஓடாது. கிளட்சை முழுவதும் மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும்படி சீட்டை வைப்பது, மூன்று கண்ணாடிகளையும் சரிசெய்வது, பெல்ட், கியர் நியூட்ரலா என்று ஆட்டிப் பார்ப்பது, பிறகு ஸ்டார்ட். இந்த வரிசை 21 நாளும் மாறாது. பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் முதலில் கவனிப்பது இதைத்தான்.

ஜனவரி 10, சனி, காலை 8 மணி

நான்கு வகுப்பு, 2 மணி நேரம் முடிந்தது. வண்டி அடிக்கடி ஆஃப் ஆவதற்குக் காரணம் ஒன்றே: கிளட்ச் பிடிக்கும் இடத்தைத் தாண்டி ஒரே மூச்சில் காலை எடுக்கிறீர்கள். என்ஜின் சத்தம் லேசாக இறங்கி, வண்டி முன்னே போகத் துடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே இரண்டு விநாடி காலை நிறுத்துங்கள். வண்டி உருள ஆரம்பித்த பிறகே மீதியை விடுங்கள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சால் மட்டும் வண்டியை நகர்த்தும் பயிற்சி. இது கைக்கு வந்துவிட்டால் எட்டு, ரிவர்ஸ், மேடு மூன்றும் பாதி முடிந்த மாதிரி.

ஜனவரி 11, ஞாயிறு, மாலை 6 மணி: விதிகள், முதல் முறை

முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இன்று சாலைக் குறியீடுகள் மட்டும். சிவப்பு வட்டம் கட்டளை, சிவப்பு முக்கோணம் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் தகவல். இந்த வடிவக் கணக்குக்குள் வராதவை இரண்டு: எட்டுப்பக்கப் பலகை ‘நில்’, தலைகீழ் முக்கோணம் ‘வழிவிடு’. இரண்டும் கட்டளைகள்தான்.

படங்களைப் பெயரோடு சேர்த்து உருப்போட வேண்டாம். பெயரை மறைத்துக்கொண்டு ‘இந்தப் பலகையைப் பார்த்தால் என் கால் எந்தப் பெடலுக்குப் போகும்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘முந்தக் கூடாது’, ‘ஹாரன் அடிக்கக் கூடாது’, ‘நிறுத்தக் கூடாது’, ‘வாகனத்தைப் பார்க் செய்யக் கூடாது’ ஆகியவற்றில்தான் குழப்பம் வரும். கடைசி இரண்டும் ஒன்றல்ல: ஒரு குறுக்குக்கோடு இருந்தால் பார்க்கிங் தடை, பெருக்கல் குறிபோல் இரண்டு கோடு இருந்தால் ஆள் இறக்கக்கூட நிற்கக் கூடாது.

ஜனவரி 14, புதன், காலை 8 மணி

ஏழு வகுப்பு முடிந்தது. இனி திங்கள் 19ஆம் தேதிதான். லீவில் அப்பா காரை எடுப்பதாகச் சொன்னீர்கள். எடுக்கலாம், ஆனால் மூன்று நிபந்தனை. கார் லைசென்ஸ் உள்ள அப்பா முன்சீட்டில் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்எல்ஆர் கையில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் ‘எல்’ போர்டு வேண்டும்: வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து, அட்டை 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையாமல், எழுத்து 10 செ.மீ. உயரம், 2 செ.மீ. தடிமன், அடியில் 9 செ.மீ. அகலம். வீட்டு காரில் அப்பா பக்கம் பிரேக் பெடல் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். ஊருக்குப் போகும் சாலை வேண்டாம், காலி மைதானம் போதும்.

ஜனவரி 18, ஞாயிறு, மாலை 6 மணி: விதிகள், இரண்டாம் முறை

இன்று யாருக்கு யார் வழிவிடுவது என்பது. சிக்னலோ போலீஸோ பலகையோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி. ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழி. குறுகிய மலைச்சாலையில் ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். மின்னும் சிவப்பு விளக்கு: நின்று, பார்த்து, பிறகு போகலாம். மின்னும் மஞ்சள்: வேகம் குறைத்துப் போகலாம்.

அடுத்தது கைச் சைகை. இன்டிகேட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று நினைக்க வேண்டாம், மைதானத்தில் கட்டாயம் கேட்பார்கள். வலது திரும்ப, வலக்கையை நேராக நீட்டி உள்ளங்கை முன்பக்கம் பார்க்க வேண்டும். இடது திரும்ப, நீட்டிய கையைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். வேகம் குறைக்க, உள்ளங்கை தரையைப் பார்த்தபடி கையை மெதுவாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிறுத்த, முழங்கையை மடக்கி முன்கையை நேராக மேலே நிமிர்த்தி உள்ளங்கை வலப்புறம் பார்க்க வேண்டும். கண்ணாடி முன் உட்கார்ந்து ஒவ்வொன்றும் பத்து முறை. வலதும் இடதும் மனசில் தெளிவாக இருந்தாலும் பதற்றத்தில் கை மாற்றிப் போகும்.

ஜனவரி 24, சனி, காலை 8 மணி

13 வகுப்பு, ஆறரை மணி நேரம். பிப்ரவரி 1 தைப்பூசம். பழனிக்கு நடந்து போகிறவர்கள் விடிவதற்கு முன்பே சாலை ஓரமெல்லாம் நிறைந்துவிடுவார்கள். ஆகவே 27 முதல் 31 வரை பழனி ரோடு பக்கம் வகுப்பு கிடையாது. மைதானத்திலும் உள்தெருக்களிலும் மட்டும் ஓட்டுவோம். நீங்கள் தனியாக அப்பாவோடு ஓட்டினாலும் இதே கட்டுப்பாடுதான். இருட்டில் பாதயாத்திரைக்காரர்களுக்கு நடுவே பழகுநர் கை வண்டி போகவே கூடாது.

ஜனவரி 25, ஞாயிறு, மாலை 4.30: பைக் எட்டு

எல்எல்ஆரில் கியர் உள்ள இருசக்கர வண்டி என்று இருக்கிறது. தேர்வுக்குக் கியர் வண்டிதான் வர வேண்டும். வீட்டு ஸ்கூட்டரைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பின்சீட்டில் லைசென்ஸ் உள்ள பயிற்றுநரைத் தவிர யாரையும் ஏற்றக் கூடாது.

எட்டில் கால் தரையில் ஊன்றுவதற்குக் காரணம் முன் பிரேக். ஹேண்டில் திரும்பிய நிலையில் அதைத் தொட்டதும் வண்டி உள்பக்கம் சாயும். முன் பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டு, முதல் கியர், பாதி கிளட்ச், சீரான ஆக்சிலரேட்டர், வேகத்தைக் குறைக்கப் பின் பிரேக்கை லேசாக மட்டும். பார்வை முன் டயரில் இருந்தால் விழுவீர்கள். அடுத்த வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள். இன்று பெரிய எட்டு இருபது சுற்று. சரியாக வந்த பிறகே சின்ன எட்டு. ஹெல்மெட் பட்டையைப் பூட்டி.

ஜனவரி 31, சனி, காலை 8 மணி

18 வகுப்பு. ரிவர்ஸில் ஸ்டியரிங் சரி, வேகம்தான் அதிகம். திரும்பிப் பின்கண்ணாடி வழியே பாருங்கள், பக்கக் கண்ணாடி துணைக்கு.

மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னே உருண்டால் அது பெரிய தவறாக எடுத்துக்கொள்ளப்படும். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியர், கொஞ்சம் ஆக்சிலரேட்டர், கிளட்சைப் பிடிக்கும் இடம் வரை விடுங்கள். பானட் லேசாக எழும். அப்போதுதான் ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். பானட் எழுவதற்கு முன்பே நீங்கள் இறக்கிவிடுகிறீர்கள். திங்கள் வகுப்பு முழுவதும் இதற்கே.

கார் எட்டில் முன்சக்கரம் தப்பினாலும் உள்பக்கப் பின்சக்கரம் கோட்டை வெட்டும், ஏனென்றால் அது குறுகலான வட்டத்தில் வருகிறது. வளைவுக்குள் வெளிப்பக்கம் ஒட்டியே நுழையுங்கள்.

பிப்ரவரி 1, ஞாயிறு, மாலை 6 மணி: விதிகள், மூன்றாம் முறை

கோடுகள்: விட்டுவிட்டு வரும் வெள்ளைக்கோடு, பாதுகாப்பாக இருந்தால் தாண்டலாம். தொடர்ச்சியான கோட்டைத் தாண்டி முந்தக் கூடாது. இரட்டை மஞ்சள் கோட்டைத் தொடவே கூடாது. மத்திய அரசின் 2018 அறிவிப்புப்படி காரின் உச்ச வேகம் நடுத்தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் 100, நகராட்சிப் பகுதியில் 70. இது மேல்வரம்பு மட்டுமே. சாலையில் பலகை 40 என்று சொன்னால் 40தான். மது அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் குற்றம். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம்.

பிப்ரவரி 5, வியாழன், காலை 10 மணி

21 வகுப்பும் நேற்று முடிந்தது, பத்தரை மணி நேரம் கணக்கில் இருக்கிறது. பயிற்சிச் சான்றான படிவம் 5ஐ வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இன்றே sarathi.parivahan.gov.in தளத்தில் எல்எல்ஆர் எண், பிறந்த தேதி போட்டு விண்ணப்பிப்போம். தேர்வுக் கட்டணம் ஒவ்வொரு வகைக்கும் 300 ரூபாய், லைசென்ஸுக்கு 200, மேலே சேவைக் கட்டணம். முகவரியும் பின்கோடும் எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும். கார்டு தபாலில் வருவது அந்த முகவரிக்கே.

பிப்ரவரி 5, வியாழன், மாலை 5 மணி

ஸ்லாட் கிடைத்துவிட்டது: பிப்ரவரி 12, வியாழன், காலை 10 மணி. கார், பைக் இரண்டும். போனில் இரண்டு அலாரம் வையுங்கள், 11ஆம் தேதி மாலை 6 மணிக்கு ஒன்று, 12ஆம் தேதி காலை 6 மணிக்கு ஒன்று.

பிப்ரவரி 8, ஞாயிறு, காலை 7 மணி

ஒத்திகை. மைதானத்தில் நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம், இன்ஸ்பெக்டர் போல உட்கார்ந்து எழுதிக்கொள்வோம். நடுவில் ஆஃப் ஆனால் பதற வேண்டாம்: கிளட்ச், நியூட்ரல், ஸ்டார்ட், கண்ணாடி, மறுபடி கிளம்புங்கள். ஆஃப் ஆனதைவிட, ஆஃப் ஆனபின் கண்ணாடி பார்க்காமல் பாய்வதுதான் பெரிய தவறு.

பிப்ரவரி 11, புதன், மாலை 6 மணி

நாளை தேர்வு. ஒரே கவரில்: எல்எல்ஆர், ஸ்லாட் சீட்டு, கட்டண ரசீது, படிவம் 5, ஆதார் அசல். பைக்குக்கு ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று. இன்சூரன்ஸ் முடிவு தேதியை இப்போதே எடுத்துப் பாருங்கள். கார் நம்முடையது, அதன் பேப்பர் நம்மிடம். பைக்கின் இன்டிகேட்டர், பிரேக் லைட், ஹாரன் மூன்றும் வேலை செய்கிறதா என்று இன்றிரவே பார்த்துவிடுங்கள். பல்ப் எரியாத வண்டியைத் தேர்வுக்கு ஏற்காமல் போகலாம்.

இன்று புதிதாக எதையும் படிக்க வேண்டாம். கைச் சைகைகள் ஒரு முறை, குறியீடுகள் ஒரு முறை, பத்து மணிக்குத் தூங்குங்கள். ஒருவேளை தேறாவிட்டால் 7 நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறையும் தேறாவிட்டால்தான் கடைசித் தேர்விலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். எல்எல்ஆர் ஜூலை வரை இருப்பதால் அவசரமே இல்லை.

பிப்ரவரி 12, வியாழன், காலை 6 மணி

சாப்பிட்டுவிட்டு 9.15க்கு மைதான வாசலில் நில்லுங்கள். பத்து நிமிடம் காரில் உட்கார வைப்போம். நம் காரேயானாலும் வேறு ஒருவர் ஓட்டியிருப்பார், சீட்டும் கண்ணாடியும் உங்கள் அளவில் இருக்காது. இன்ஸ்பெக்டர் ஏறியதும் வணக்கம் சொல்லிவிட்டு சீட், கண்ணாடி, பெல்ட், நியூட்ரல் என்று வரிசையாக எல்லாவற்றையும் மறுபடி செய்யுங்கள், ஏற்கெனவே சரியாக இருந்தாலும். அவர் பார்க்கும்படி தலையைத் திருப்பிப் பாருங்கள். சொன்னது புரியாவிட்டால் ‘சார், மறுபடி சொல்லுங்க’ என்று கேட்கலாம், அதற்கு மார்க் குறையாது.

பிப்ரவரி 12, வியாழன், மாலை 5 மணி

இரண்டிலும் தேர்ச்சி. வாழ்த்துகள் தம்பி. ஆனால் லைசென்ஸ் உங்கள் பேரில் பதிவாகும்வரை நீங்கள் எல்எல்ஆர்காரர்தான்: ‘எல்’ போர்டும், பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஆளும் வேண்டும். விண்ணப்ப நிலையைத் தளத்தில் திங்கள் பார்க்கவும். கார்டு தபாலில் வந்ததும் பெயர், பிறந்த தேதி, இரண்டு வாகன வகை மூன்றையும் சரிபார்த்து, பிழை இருந்தால் அன்றே சொல்லுங்கள்.