முயல் ஏன் மூன்று முறை உடலை உதறியது?

ஞாயிறு தம்ம வகுப்பு, ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு
வைகாசிப் பௌர்ணமிக்கு முந்தைய வாரப் பாடம்

வாசித்துக் காட்டும் பெரியவருக்கு

புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் சாதகக் கதைகள் பாலி மொழித் தொகுப்பில் 547 உள்ளன. அவற்றில் ஐந்தை மட்டுமே இங்கே எடுத்திருக்கிறேன். கதையை முடித்தவுடன் "இதன் நீதி என்ன?" என்று கேட்டால், பிள்ளைகள் நமக்குப் பிடித்த விடையைச் சொல்லிவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். அதனால் இந்தப் பாடத்தின் பொருத்துப் பயிற்சியில் முழுக் கதையையும் ஒரு குணத்தோடு சேர்க்காமல், கதைக்குள் நடக்கும் ஒரு சிறு செயலை ஒரு குணத்தோடு சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன். செயலைக் கூர்ந்து கவனித்த பிள்ளைக்குக் குணத்தின் பெயர் பிறகு தானாகவே பிடிபடும். ஆகவே கதைகளை அவசரமில்லாமல் வாசியுங்கள். பயிற்சியில் கேட்கப்படும் செயல் வரும்போது ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடருங்கள்.

பிள்ளைகளே, முதலில் ஒரு சொல்

சித்தார்த்தர் புத்தராவதற்கு முன் எத்தனையோ பிறவிகள் எடுத்தார் என்றும், ஒவ்வொரு பிறவியிலும் ஒரு நற்குணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துக்கொண்டார் என்றும் பௌத்தர்கள் சொல்வார்கள். அந்தப் பிறவிகளில் அவருக்குப் போதிசத்துவர் என்று பெயர். அவர் சில பிறவிகளில் அரசராகவும் சில பிறவிகளில் வணிகராகவும் இருந்தார். இன்று நாம் கேட்கப்போகும் கதைகளில் முயலாகவும், எருதாகவும், மானாகவும், சின்னஞ்சிறு காடைக் குஞ்சாகவும், எருமையாகவும் வருகிறார்.

முயலின் கதை

காட்டில் ஒரு முயலும் அதற்கு மூன்று நண்பர்களும் இருந்தார்கள்: ஒரு குரங்கு, ஒரு நரி, ஒரு நீர்நாய். ஒரு நாள் மாலை முயல் நிலவைப் பார்த்துவிட்டு, "நாளை உபோசத நாள், நாம் நோன்பு இருப்போம், யாராவது பசியோடு வந்தால் நம் உணவிலிருந்து அவர்களுக்குக் கொடுத்த பிறகே நாம் உண்போம்" என்று சொன்னது. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாள் நீர்நாய் கங்கைக் கரை மணலில் யாரோ புதைத்து வைத்திருந்த ஏழு மீன்களைக் கண்டெடுத்தது. நரிக்கு ஒரு குடிசையில் இறைச்சியும் ஒரு பானைத் தயிரும் கிடைத்தன. குரங்கு மாம்பழங்களைப் பறித்து வந்தது. முயல் மட்டும் புல்தரையில் படுத்து யோசித்தது: "நான் உண்பது புல். பசியோடு வருகிற மனிதருக்குப் புல்லை எப்படிக் கொடுப்பேன்? என்னிடம் அரிசியும் இல்லை, எள்ளும் இல்லை. யாராவது வந்தால் என்னையே கொடுத்துவிடுகிறேன்."

இந்த எண்ணம் எழுந்த கணத்தில் வானுலகில் சக்கனின் கல்லிருக்கை சூடேறியது. தேவர்களின் அரசனான சக்கன், இது உண்மையான எண்ணம்தானா என்று அறிய, ஓர் ஏழை அந்தணராக உருமாறிக் காட்டுக்கு வந்தான். மற்ற மூவரும் தங்களிடம் இருந்ததைக் கொடுக்க முன்வந்தார்கள். முயலிடம் வந்தபோது, "ஐயா, விறகு சேர்த்துத் தீ மூட்டுங்கள், நெருப்புக் கனன்றதும் என்னிடம் சொல்லுங்கள்" என்றது அது. தீ கனன்றது. முயல் எழுந்து நின்றது. ஆனால் உடனே குதிக்கவில்லை. "என் மயிருக்குள் சிறு பூச்சிகள் ஏதும் இருந்தால் அவை இறந்துவிடக் கூடாது" என்று சொல்லி, தன் உடலை மூன்று முறை நன்றாக உதறியது. அதன் பிறகு, தாமரைக் கூட்டத்துக்குள் இறங்கும் அன்னம்போல நெருப்புக்குள் பாய்ந்தது.

அந்த நெருப்பு முயலின் ஒரு மயிரைக்கூடச் சுடவில்லை, பனியைப்போல் குளிர்ந்தது. சக்கன் தன் உண்மை உருவத்தைக் காட்டி, இந்தச் செயலை உலகம் என்றும் மறக்கக் கூடாது என்று ஒரு மலையைப் பிழிந்து, அதன் சாற்றால் நிலவின் மேல் முயலின் உருவத்தை வரைந்தான். நிலவில் தெரியும் கறையை நம் பாட்டிகளும் முயல் என்றுதானே சொல்கிறார்கள்!

(பெரியவருக்கு: "நாமும் தீயில் குதிக்க வேண்டுமா?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்த நெருப்புச் சக்கன் சோதித்துப் பார்க்க உண்டாக்கியது, நம் வீட்டு நெருப்புச் சுடும் என்பதையும், நமக்கு உணவு கொடுக்கும் வழிகள் வேறு நிறைய இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.)

நந்திவிசாலனின் கதை

காந்தார நாட்டில் தட்சசீலம் என்ற ஊரில் ஓர் அந்தணர் ஒரு கன்றுக்குட்டியை நந்திவிசாலன் என்று பெயரிட்டுக் கஞ்சியும் சோறும் ஊட்டிப் பிள்ளைபோல வளர்த்தார். அது வளர்ந்து வலிமை மிக்க எருதானதும், வளர்த்தவருக்கு ஏதேனும் கைம்மாறு செய்ய வேண்டும் என்று நினைத்து, "நூறு வண்டிகளை ஒன்றாகக் கட்டினாலும் என் எருது இழுக்கும் என்று ஆயிரம் காசு பந்தயம் கட்டுங்கள்" என்று அவரிடம் சொன்னது.

மணலும் சரளையும் கல்லும் ஏற்றிய நூறு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டப்பட்டன. எருதை முதல் வண்டியில் பூட்டிய அந்தணர், தார்க்குச்சியை ஓங்கிக்கொண்டு, "இழுடா, மோசக்காரப் பயலே!" என்று கத்தினார். எருது தன் நான்கு கால்களையும் நான்கு தூண்கள்போல ஊன்றி, அசையாமல் நின்றது. அந்தணர் ஆயிரம் காசை இழந்தார்.

வீட்டுக்கு வந்து துயரத்தோடு படுத்திருந்தவரிடம் எருது கேட்டது: "இத்தனை காலம் உங்கள் வீட்டில் இருந்தேனே, ஒரு பானையையாவது உடைத்தேனா? யாரையாவது முட்டினேனா? பிறகு ஏன் என்னை அப்படிச் சொன்னீர்கள்? இப்போது போய் இரண்டாயிரம் காசு பந்தயம் கட்டுங்கள். என்னை மட்டும் அப்படி அழைக்காதீர்கள்."

இரண்டாம் முறை அந்தணர் எருதின் முதுகைத் தடவிக் கொடுத்து, "இழு, என் நல்லவனே" என்றார். நந்திவிசாலன் ஒரே இழுப்பாக இழுத்தான். முதல் வண்டி நின்ற இடத்துக்குக் கடைசி வண்டி வந்து சேர்ந்தது! தம் சீடர்களில் சிலர் மற்றவர்களைக் கடுஞ்சொல்லால் வைதபோது புத்தர் இந்தக் கதையைச் சொன்னாராம்.

ஆலமர மானின் கதை

காசி அரசன் நாள்தோறும் மான் இறைச்சி கேட்டான். அரசனின் பூங்காவில் இரண்டு மான் கூட்டங்கள் இருந்தன. ஒன்றுக்கு ஆலமர மான் தலைவன், மற்றதற்குக் கிளை மான் தலைவன். அரசனின் அம்புகளால் பல மான்கள் காயப்பட்டதைப் பார்த்த அவை, நாளுக்கு ஒன்றாக முறைவைத்துப் போவது என்று முடிவு செய்தன.

ஒரு நாள் கிளை மானின் கூட்டத்தில் வயிற்றில் குட்டி சுமந்த ஒரு பெண்மானின் முறை வந்தது. "குட்டி பிறந்த பிறகு நாங்கள் இருவரும் எங்கள் முறைக்குப் போகிறோம்" என்று அது கெஞ்சியபோது கிளை மான் மறுத்துவிட்டது. பெண்மான் ஆலமர மானிடம் வந்து அழுதது. அது, "நீ போ அம்மா, உன் முறையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, வெட்டுமரத்தில் தன் தலையை வைத்துப் படுத்தது. செய்தி கேட்டு ஓடிவந்த அரசன், அதற்கும் அந்தத் தாய்க்கும் உயிர் தந்தான். "மற்ற மான்கள்?" என்று கேட்டது ஆலமர மான். அவற்றுக்கும் தந்தான். "மற்ற விலங்குகள்? பறவைகள்? நீரில் வாழும் மீன்கள்?" எல்லாவற்றுக்கும் அரசன் அடைக்கலம் தந்த பிறகுதான் அது எழுந்தது.

காடைக் குஞ்சும் எருமையும்

கூட்டில் தனியே கிடந்த ஒரு காடைக் குஞ்சை நோக்கிக் காட்டுத்தீ வந்தது. தாயும் தந்தையும் அஞ்சிப் பறந்துவிட்டார்கள். குஞ்சிடம் இருந்தது ஒன்றே ஒன்று: உண்மை. "எனக்குச் சிறகு உண்டு, பறக்க முடியாது, கால் உண்டு, நடக்க முடியாது, அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். தீயே, திரும்பிப் போ" என்று உள்ளதை உள்ளபடி சொன்னது. நீரில் அமிழ்த்திய பந்தம்போலத் தீ அணைந்தது.

இமயமலைக் காட்டு எருமையின் முதுகில் ஒரு குரங்கு நாள்தோறும் ஏறி, அசுத்தம் செய்து, கொம்பைப் பிடித்து ஊஞ்சலாடியது. "உன் கொம்பால் குத்தித் தள்ளேன்" என்று மரத்தில் வாழ்ந்த தெய்வம் கேட்டது. "அவனைக் கொன்ற பழி எனக்கு வேண்டாம்" என்று சொல்லி, வலிமை இருந்தும் எருமை அவனைப் பொறுத்துக்கொண்டது.

பொருத்துக

இடப்பக்கத்தில் கதையில் நடந்த செயல் உள்ளது; வலப்பக்கத்தில் குணம் உள்ளது. சரியான இரண்டையும் ஒரு கோட்டால் இணையுங்கள்.

| செயல் | குணம் |
|---|---|
| 1. காடைக் குஞ்சு தன் நிலையை உள்ளபடி சொன்னது. | அ. பொறுமை: வலிமை இருந்தும் திருப்பி அடிக்காமல் இருத்தல் |
| 2. முயல் தன் உடலை மூன்று முறை உதறியது. | ஆ. கொல்லாமை: சிறு உயிரையும் காத்தல் |
| 3. அந்தணர் முதுகைத் தடவி, "என் நல்லவனே" என்றார். | இ. ஈகை: தன்னிடம் இருப்பதைக் கொடுத்தல் |
| 4. ஆலமர மான் தாய்மானின் இடத்தில் தன் தலையை வைத்தது. | ஈ. வாய்மை: உண்மையைச் சொல்லுதல் |
| 5. எருமை குரங்கைக் குத்தாமல் விட்டது. | உ. இன்சொல்: இனிய சொல்லால் அழைத்தல் |
| 6. பசித்தவருக்குத் தன்னையே கொடுக்க முயல் எண்ணியது. | ஊ. கருணை: துன்பப்படுபவரைக் காக்க முன்வருதல் |

இப்போது, உங்களுக்குப் பிடித்த ஒரு இணையைத் தேர்ந்தெடுத்து, அதே குணத்தை இந்த வாரம் வீட்டிலோ பள்ளியிலோ யாரிடமாவது பார்த்தீர்களா என்று இரண்டு வரி எழுதுங்கள். எழுத வராத பிள்ளைகள் படம் வரையலாம்.

விடைகள் (பெரியவருக்கு)

1–ஈ, 2–ஆ, 3–உ, 4–ஊ, 5–அ, 6–இ.

இரண்டாவதிலும் நான்காவதிலும் பிள்ளைகள் தடுமாறுவார்கள். சென்ற ஆண்டு ஒரு பெண் பிள்ளை இரண்டாவதைக் கருணையோடு இணைத்துவிட்டு, "பூச்சிக்கு நெருப்புச் சுடுமேன்னு முயலுக்குப் பாவமா இருந்துச்சு" என்று காரணம் சொன்னாள். அதைத் தவறென்று நான் அடிக்கவில்லை. காரணம் சொல்ல முடிந்த விடைக்கு மதிப்புக் கொடுங்கள், காரணம் இல்லாமல் சரியாக அமைந்த கோட்டுக்கு, "எதனால் அப்படி நினைத்தாய்?" என்று ஒரு முறை கேளுங்கள்.

பௌர்ணமி இரவில் பிள்ளைகளை மொட்டை மாடிக்கோ முற்றத்துக்கோ அழைத்துச் சென்று நிலவைக் காட்டுங்கள். முயலின் இரண்டு காதுகளும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று அவர்களே கண்டுபிடித்து, அடுத்த ஞாயிறு வகுப்பில் வரைந்து காட்டட்டும்.