கிறிஸ்மஸுக்கு ஊருக்குக் கிளம்புறீங்களா? வண்டி எடுக்கும் முன்னாடி ஒரு பயண ஜெபம்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எல்லாரும் ஏறியாச்சா? கேஸ மூடியாச்சா, வீட்டுச் சாவி யார் கையில இருக்கு, பாத்துட்டீங்கன்னா சரி. இஞ்சின் இப்ப வேண்டாம், மூணே நிமிஷம். வண்டி ஓட்டுறவங்களும் இப்பவே சேந்து ஜெபிச்சிருங்க, ஓடுற வண்டில போன பாக்காதீங்க.

நாங்களும் இன்னைக்கு ராத்திரி சென்னைலருந்து நாகர்கோவிலுக்குத் தான் போறோம், கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். எங்க வீட்டுக்காரர் விழுப்புரம் வரைக்கும் நல்லா பேசிட்டு வருவாரு, திருச்சி தாண்டினா சத்தத்தையே காணோம், அப்பத்தான் எனக்கு அடிவயிறு கலங்கும்.

அதனால 121-ம் சங்கீதம் எடுத்திருக்கேன். ஆரோகண சங்கீதம்னு போட்டிருக்கும், பண்டிகைக்கு எருசலேம் மலையேறிப் போனவங்க வழில பாடினதுன்னு சொல்லுவாங்க, அவங்களும் நம்மள மாதிரி பிள்ளைகுட்டியோட போனவங்கதானே. அதுல, "உன்னைக் காக்கிறவர் உறங்கார்"னு இருக்கு. உறங்காம இருக்கறது அவரோட வேலைங்க, நம்ம வேலை இல்ல. கண்ணு சொக்குச்சுன்னா டோல்கேட் பக்கத்துல, வெளிச்சம் இருக்கற இடமா ஓரங்கட்டி, அரைமணி நேரம் தூங்குங்க. விசுவாசம்னு சொல்லிட்டு தூக்கத்தோட ஓட்டாதீங்க.

கண்ண மூடிக்கலாம்.

அன்பின் தகப்பனே, இந்த வண்டில இருக்கற ஒவ்வொருத்தரையும் உங்க கையில ஒப்புக்கொடுக்குறோம். ஸ்டியரிங் பிடிக்கிற கையையும் பிரேக் மிதிக்கிற காலையும் நீங்களே பிடிச்சுக்கோங்கப்பா. முந்திப் போயே ஆகணும்ங்கற அவசரத்த எங்களவிட்டு எடுத்துப்போடுங்க, ஹைபீம் போட்டு எதுக்க வர்றவர் மேல வர்ற கோபத்தையும் சேத்துத்தான். பின்சீட்ல வாந்தி வருதுன்னு சொல்ற சின்னப்பிள்ளைங்க, கால் வீங்கிப்போய் வாய்திறந்து சொல்லாத அம்மாச்சிங்க, எல்லாரையும் பாத்துக்கோங்க. ரோட்டோரமா மாதாவப் பாக்க நடந்து போறவங்க, ஐயப்பமாருங்க, ராத்திரி முழுக்க லாரி ஓட்டுறவங்க, எங்களால அவங்க யாருக்கும் ஒரு கீறல்கூட விழக்கூடாது ஆண்டவரே. பூட்டின வீட்டையும் காத்துக்கோங்க. விடியும்போது ஆரல்வாய்மொழி காத்தாடியும் மலையும் கண்ணுல படட்டும், வாசல்ல காத்திருக்கறவங்க முகத்த நாங்க சுகமா பாக்கணும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.

கண்ணத் திறக்க வேண்டாம், அப்படியே இருங்க. மெதுவா மூச்சு விடுங்க. பக்கத்துல இருக்கறவங்க கையப் பிடிச்சுக்கோங்க.

நீங்க போற பாதை உங்களுக்கு நல்ல பாதையா இருக்கட்டும். இருட்டுல அவர் உங்களுக்கு வெளிச்சமா இருக்கட்டும், வெயில்ல நிழலா இருக்கட்டும். நீங்க தூங்கும்போது அவர் முழிச்சிருக்கட்டும். போன காரியம் சந்தோஷமா முடிஞ்சு, போன அத்தன பேரும் திரும்பி வந்து இதே கதவத் திறக்கட்டும்.

"கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங்காப்பார்."

ஆமென். சீட் பெல்ட் போட்டுக்கோங்க, பின்னாடி இருக்கறவங்களும். போய்ட்டு வாங்க.