எர்த் இல்லாமலும் ஒழுங்கீனமாகவும் முடிக்கப்பட்ட வயறிங் பற்றிய முறைப்பாடு

2ஆம் மாடி, கிழக்குப் பக்க வீடு,
நல்லூர்,
யாழ்ப்பாணம்.
2025 மார்ச் 17

மின் வயறிங் ஒப்பந்தகாரர் அவர்களுக்கு,

ஐயா,

2025 ஜனவரி 20ஆம் திகதிய உங்கள் மதிப்பீட்டின்படி எங்கள் வீட்டின் பழைய வயறிங்கை முழுதாகக் கழற்றிப் புதிதாகப் போட்டு, பெப்ரவரி 22 அன்று வேலை முடிந்ததாக ஒப்படைத்தீர்கள். மொத்தம் 385,000 ரூபாய். அதில் 325,000 ரூபாய் தந்தாயிற்று. மீதி 60,000 ரூபாய் என்னிடம் இருக்கிறது. அந்த மீதியைக் கேட்டு நீங்கள் அனுப்பிய தகவலுக்கான பதிலும் இந்தக் கடிதம்தான்.

முதலில் அவசரமானதைச் சொல்கிறேன். இந்த வீட்டுக்கு எர்த் இல்லை. மதிப்பீட்டின் 7ஆம் வரியில் "5 அடி செப்புப் பூச்சு எர்த் றொட், கிளாம்ப், குழி, மூடி, 7/1.04 பச்சை-மஞ்சள் வயர் 18 மீற்றர்" என்று எழுதி 24,500 ரூபாய் போட்டிருக்கிறீர்கள். கட்டடத்தைச் சுற்றி எங்கும் புதிய றொட்டோ குழியோ கிடையாது. வீட்டின் மின்னைச் சேர்க்கிற்றுகளாகப் பிரிக்கும் டி.பி. பெட்டியைத் திறந்தால் எர்த் பாரில் அறைகளுக்கும் ஹோலுக்கும் போகும் வயர்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. பாரிலிருந்து வெளியே போகும் வயர் மட்டும் இல்லை. அதற்குரிய பெரிய ஸ்குறூவின் கீழ் எதுவும் ஒருநாளும் இறுக்கப்பட்ட அடையாளமே இல்லை (படம் 1).

நம் நாட்டில் வீட்டு இணைப்புக்கு மின்சார சபை எர்த் தருவதில்லை. பாவனையாளரே தன் நிலத்தில் றொட் இறக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டாம் மாடி என்பதால் அது விலக்காகாது. கீழிருந்து வயரை மேலே கொண்டுவரும் செலவுக்காகத்தானே 18 மீற்றர் என்று எழுதினீர்கள்?

இப்போதுள்ள நிலை, எர்த் வயரே போடாமல் விட்டதைவிட மோசம். அறைகளின் எர்த் எல்லாம் ஒரே பாரில் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன, பார் நிலத்தோடு பிணையவில்லை. அறையில் கம்பியூட்டரைச் செருகியதும், அதன் உள்ளே இருக்கும் ஃபில்ரர் வழியாகக் கசியும் சிறு மின் பாருக்கு வந்து, ஹோலில் நிற்கும் ஃபிறிட்ஜின் கதவில் சுளீர் என்கிறது. மல்ரிமீற்றரை ஃபிறிட்ஜ் உடலுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வைத்தால் 108 வோல்ற் காட்டுகிறது. கம்பியூட்டரைக் கழற்றினால் விழுந்துவிடுகிறது. இந்தக் கசிவு சிறியது, ஆளைக் கொல்லாது. ஆனால் நாளை ஏதாவது ஒரு சாதனத்தில் ஃபேஸ் உடலில் தொட்டால், அந்தச் சாதனம் மட்டுமல்ல, பாரோடு பிணைந்த எல்லாச் சாதனங்களின் உடலிலும் 230 வோல்ற் நிற்கும். மின் அளவுக்கு மீறினால் விழும் எம்.சி.பி. விழாது, ட்ரிப் சுவிட்சும் விழாது.

"30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் போட்டிருக்கிறோம், பயப்படத் தேவையில்லை" என்று உங்கள் ஆள் தொலைபேசியில் சொன்னார். போகும் மின்னுக்கும் திரும்பும் மின்னுக்கும் வித்தியாசம் வந்தால்தான் அது விழும். எர்த் இருந்தால் பழுது ஏற்பட்ட கணத்திலேயே அந்த மின் நிலத்துக்கு ஓடும், சுவிட்ச் விழும். எர்த் இல்லையென்றால் யாராவது தொடும்வரை ஓட வழியில்லை. தொட்டவரின் உடம்புதான் வழி. ஒப்படைக்கும்போது ரெஸ்ற் பொத்தானை அமர்த்தி விழுத்திக் காட்டினார்கள். அந்தப் பொத்தான் உள்ளே இருக்கும் ரெசிஸ்ரர் ஒன்றின் வழியாக ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில்தான் மின்னை ஓட விடுகிறது. வீட்டில் எர்த் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது விழும். எர்த்துக்கு அது சாட்சி அல்ல.

இனிக் குசினி. எனக்கு அதிகம் கோபம் வந்தது இங்கேதான்.

குசினிச் சேர்க்கிற்றின் எர்த் வயர் பாருக்கே வரவில்லை. கேசிங்குக்குள் ஒரு சாண் குறையாக வெட்டி விடப்பட்டிருக்கிறது. ஆனால் ஒப்படைத்த அன்று உங்கள் ஆள் மூன்று விளக்கு ரெஸ்ரரைக் குசினியின் முதல் பிளக் பொயின்றில் செருகி, "எர்த் சரி" என்று காட்டினார். அந்தப் பொயின்றைக் கழற்றிப் பார்த்தோம். நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் நீலவயர்த் துண்டு ஒன்று பாலமாகப் போடப்பட்டிருக்கிறது (படம் 2, 3). மெயின் சுவிட்சையும் ட்ரிப் சுவிட்சையும் நிறுத்தி, எல்லாச் சாதனங்களையும் கழற்றிவிட்டு அளந்தபோது அந்தப் பொயின்றில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 0.2 ஓம். பாலம் இருந்தால் ரெஸ்ரரின் விளக்குகள் சரியாகத்தான் எரியும். அது தற்செயலாக அமைந்த தவறு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பால்கனியில் நிற்கும் வோஷிங் மெசினும் இதே சேர்க்கிற்றில்தான் இருக்கிறது. அதாவது மெசினின் இரும்பு உடல் இப்போது நியூட்ரலோடு பிணைந்திருக்கிறது. டி.பி. பெட்டியில் இந்தச் சேர்க்கிற்றின் நியூட்ரலும் குளியலறை ஹீற்றரின் நியூட்ரலும் ஒரே துளையில் திணிக்கப்பட்டுள்ளன. ஸ்குறூ ஒரு வயரின் பிளாஸ்ரிக்கையும் சேர்த்துக் கடித்திருக்கிறது. மின்னை நிறுத்திவிட்டு ஸ்குறூ ட்ரைவரை வைத்ததும் அரைச் சுற்று இலகுவாகத் திரும்பியது. பக்கத்தில் காப்பு பழுப்பேறியிருக்கிறது (படம் 4). அந்த நியூட்ரல் ஒருநாள் கழன்றால், ஓடிக்கொண்டிருக்கும் சாதனத்தின் வழியாக ஃபேஸ் வந்து பாலத்தைத் தாண்டி மெசினின் உடலில் நிற்கும். ஈரத் தரை, வெறுங்கால். மேலே சொல்ல வேண்டியதில்லை.

படுக்கையறைகளில் இரண்டு பிளக் பொயின்றுகளில் எர்த் வயர் வந்திருந்தும் முனையில் கொழுவாமல் மடித்துப் பின்னால் விடப்பட்டிருக்கிறது. ஆக, குசினியின் 4 உட்பட 16 பொயின்றுகளில் 6இல் பாருக்கே தொடர்பில்லை. மீதி 10க்கும் இருப்பது நிலம் தொடாத பார்.

எர்த்தைத் தவிர்த்த குறைகளில் ஒன்று தீ சம்பந்தப்பட்டது. குசினிக்கு 7/0.67 வயரில் றிங் போடுவதாக எழுதி, 32 அம்பியர் எம்.சி.பி. வைத்திருக்கிறீர்கள். ஆனால் றிங் திரும்பி வரவில்லை, எம்.சி.பி.யில் ஒரேயொரு வயர்தான் இருக்கிறது. ஒற்றைத் தொடராக ஓடும் இந்த 2.5 சதுர மி.மீ. வயருக்கு 20 அம்பியர்தான் வைப்பது. கேத்தல், றைஸ் குக்கர், மைக்றோவேவ் மூன்றும் ஒன்றாக ஓடினால் வயர் சூடாகும், எம்.சி.பி. பேசாமல் இருக்கும். அதற்கு மேல், ஹோலிலிருந்து குசினிக்குப் போகும் 16 × 16 மி.மீ. கேசிங்குக்குள் 11 வயர் திணித்திருக்கிறீர்கள். பாதியளவுகூட நிரப்பக்கூடாத இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு செப்பும் பிளாஸ்ரிக்கும். மூடி பூட்டாமல் விரிந்து நிற்கிறது, மூன்று இடத்தில் ஆணி அடித்து இருத்தியிருக்கிறீர்கள். ஓர் ஆணி வயரிலிருந்து ஒரு மயிரிழை தள்ளி இறங்கியிருக்கிறது (படம் 7). அதே கேசிங்குக்குள் கொனெக்ரர் இல்லாமல் முறுக்கி ரேப் சுற்றிய இணைப்புகள் ஐந்து. நமது வெக்கைக்கு ரேப்பின் பசை விடும் என்பது புதிதாகச் சொல்ல வேண்டிய விடயமல்ல.

டி.பி. பெட்டிக்குள் வயர்கள் கூடு கட்டியதுபோல் கிடக்கின்றன. எம்.சி.பி.களுக்குக் கீழே 8 மி.மீ. வரை வெறும் செப்பு தெரிகிறது. எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று ஒரு எழுத்தும் இல்லை. சுவர் வெட்டுகள் பூசப்படாததையும் சுவிட்ச் பலகைகள் சரிந்திருப்பதையும் படங்களில் காணலாம். அவை பற்றி எழுதி நேரத்தைச் செலவிடவில்லை.

மேலே சொன்ன அளவீடுகள், மார்ச் 12 அன்று வேறொரு மின் தொழில்நுட்பவியலாளரை வைத்து எடுத்தவை. அவர் கையொப்பமிட்ட தாளின் பிரதி இணைப்பில் உண்டு. அன்றிலிருந்து குசினிச் சேர்க்கிற்றை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

நீங்கள் செய்து தர வேண்டியது: மதிப்பீட்டில் எழுதியபடி றொட், கிளாம்ப், மூடியோடு குழி. கிளாம்ப் மண்ணுக்குள் புதையாமல், திறந்து பார்க்கவும் இறுக்கவும் கூடியதாக இருக்க வேண்டும். அங்கிருந்து 7/1.04 வயர் இடையில் இணைப்பில்லாமல் ஒரே நீளமாக எர்த் பாருக்கு வர வேண்டும்; நிலத்திலிருந்து முதல் இரண்டு மீற்றருக்கு பி.வி.சி. குழாய்க்குள். பின்சுவர் ஓரமாகக் கொண்டுவர குடியிருப்போர் சங்கம் சம்மதித்திருக்கிறது. "கீழே பாறை, றொட் இறங்காது" என்ற பதில் வேண்டாம். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் என்பது யாழ்ப்பாணத்தில் யாருக்குத்தான் தெரியாது? கல்லைத் துளைத்து, ஈரம் பிடித்து வைக்கும் பென்ரனைற் களியை நிரப்பி இறக்கலாம். அல்லது றொட்டின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு இரண்டு இறக்கிப் பிணைக்கலாம். கல்லில் முட்டியதும் றொட்டை வெட்டி மேல்துண்டை மட்டும் நட்டுவைக்கும் வேலை கூடாது. உப்பும் கரியும் கொட்டிச் சமாளிப்பதும் கூடாது. உப்பு மாரி மழையோடு கரைந்துவிடும், கிளாம்பை அரிக்கும், பதினைந்து மீற்றரில் கிணறும் இருக்கிறது.

வயறிங்குக்கான பிரித்தானியத் தரமான பி.எஸ். 7671, எர்த் தடை 200 ஓமுக்கு மேல் போனால் நிலையற்றதாகலாம் என்கிறது. நமது மண் ஆவணி வரை காய்ந்துகொண்டே போகும் என்பதால், இப்போதே 50 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். பாலத்தை எடுத்து, குசினி எர்த்தைப் புதிய வயரால் பாருக்குக் கொண்டுவாருங்கள். துண்டு ஒட்டுவதை ஏற்க மாட்டேன். றிங்கை முடியுங்கள், அல்லது எம்.சி.பி.யை 20 அம்பியருக்கு மாற்றுங்கள். கேசிங் 40 × 25 ஆக மாற வேண்டும். ஒரு துளைக்கு ஒரு நியூட்ரல்.

முடிந்ததும் என் முன்னிலையில் அளந்து எழுதித் தாருங்கள்: 16 பொயின்றுகளிலும் எர்த் தொடர்ச்சி, எர்த் றொட்டின் தடை, 500 வோல்ற்றில் காப்புத் தடை (1 மெகா ஓமுக்குக் குறையாமல்), 30 மில்லி அம்பியரில் ட்ரிப் சுவிட்ச் விழும் நேரம் (300 மில்லி செக்கனுக்குள்). மூன்று விளக்கு ரெஸ்ரரைக் கொண்டுவர வேண்டாம்.

மார்ச் 31ஆம் திகதிக்குள் இவை முடிந்தால் அன்றே 60,000 ரூபாயும் உங்கள் கைக்கு வரும். குசினி அடுப்படி வேலை நிற்பதால் எர்த்தும் குசினிச் சேர்க்கிற்றும் இந்தக் கிழமைக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் வேறொருவரைக் கொண்டு செய்வித்து, அந்தச் செலவை மீதியிலிருந்து கழிப்பேன். போதாவிட்டால் மத்தியஸ்த சபைக்கும் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கும் இந்தக் கடிதத்தோடும் படங்களோடும் போவேன். போடாத றொட்டுக்கு வாங்கிய 24,500 ரூபாய்க்கு அங்கே தனியாகப் பதில் சொல்ல வேண்டி வரும்.

வேலைநாட்களில் காலை 9 மணிக்குப் பிறகு வீட்டில் ஆள் இருக்கும். வருவதற்கு முதல்நாள் சொல்லுங்கள். கீழ்வீட்டாருக்கும் மின் நிறுத்துவதை அறிவிக்க வேண்டும். நீலவயர்த் துண்டு பொருத்தப்பட்டபடியே இருக்கிறது. கழற்றும்போது நான் பக்கத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்

இணைப்பு: படங்கள் 14, மார்ச் 12ஆம் திகதிய அளவீட்டுத் தாளின் பிரதி, ஜனவரி 20ஆம் திகதிய மதிப்பீட்டின் பிரதி, பணம் செலுத்திய பற்றுச்சீட்டுகள் 3.
பிரதி: குடியிருப்போர் சங்கச் செயலாளர்