வழக்குக் கட்டுகளில் வரும் லத்தீன் சொற்கள்: புதிய நீதிமன்ற எழுத்தருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மலர்விழிக்கு,

வணக்கம். நேற்று மாலை நீங்கள் ஓர் உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தச் சொல்லை அப்படியே எழுதுவதா, தமிழில் மாற்றி எழுதுவதா?" என்று கேட்டீர்கள். வேலை நேரத்தில் அதற்கு முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் நீதிமன்றப் பதிவுகள் பல நூற்றாண்டுகள் லத்தீனில்தான் இருந்தன. 1733ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தின் மூலம் ஆங்கிலம் அதன் இடத்துக்கு வந்தது. ஆனாலும் ஒரு நீண்ட நடைமுறையை இரண்டே சொற்களில் அடக்கிவிடும் சில தொடர்கள் விடாமல் தங்கிவிட்டன; அந்த வழியைப் பின்பற்றிய நீதிமன்றங்களுக்கும் அவை வந்து சேர்ந்தன. அவற்றின் அகராதிப் பொருளை மனப்பாடம் செய்வது நமக்குப் போதாது. அந்தச் சொல் உத்தரவில் வந்தால் அலுவலகம் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எக்ஸ் பார்ட்டே என்பதிலிருந்து தொடங்குகிறேன். 'ஒரு பக்கத்திலிருந்து' என்பது அதன் பொருள். எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு பிறப்பிக்கப்பட்டாலும் இச்சொல் வரும். அழைப்பாணை சார்பு செய்யப்பட்டு, அதாவது உரியவரிடம் சேர்க்கப்பட்டு, அதன் பிறகும் பிரதிவாதி வராததால் வழக்கு தீர்க்கப்பட்டாலும் இச்சொல்தான் வரும். முதல் வகையில் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பும் பொறுப்பு உடனே நம் தலையில் விழுகிறது. இரண்டாம் வகையில், வராதவர் பின்னொரு நாள் அந்தத் தீர்ப்பாணையை நீக்கக் கோரி மனுச் செய்யக்கூடும். அப்போது அழைப்பாணை எந்த நாளில், யாரிடம் சார்பு செய்யப்பட்டது என்பதற்கான சான்று கட்டில் இல்லாவிட்டால் எல்லோரும் திண்டாட வேண்டியிருக்கும். ஆகவே ஒருதலைப்பட்சம் என்று குறிக்கும் முன்பு சார்பு அறிக்கை கட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதனோடு ஒட்டிய சொல் கேவியட். 'அவர் எச்சரிக்கையாக இருக்கட்டும்' என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல் அது. தன்னைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே பதிவு செய்துவைப்பதே கேவியட் மனு. அவசர இடைக்கால மனு எது வந்தாலும், அதை நீதிபதியின் முன் வைப்பதற்கு முன்பு கேவியட் பதிவேட்டை இரு தரப்பாரின் பெயரையும் வைத்துத் தேடுங்கள். அந்த ஒரு நிமிடத் தேடலை விட்டுவிட்டால், கேட்கப்பட வேண்டிய ஒருவர் கேட்கப்படாமலே உத்தரவு போய்விடும்.

அஃபிடவிட் என்பதை நாம் நாள்தோறும் கையாள்கிறோம். அதன் லத்தீன் இலக்கணம் நம் வேலைக்கே எழுதப்பட்டது போல் இருக்கிறது: 'அவர் உறுதிமொழி அளித்துவிட்டார்' என்று முடிந்துபோன செயலைச் சொல்லும் வடிவம் அது. உறுதிமொழி பெறும் அதிகாரியின் கையெழுத்தும் நாளும் இல்லாத தாள், எத்தனை பக்கம் இருந்தாலும், வெறும் அறிக்கைதான்.

இனி நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், ஒரு நிலத்தகராறில் இடைக்கால உத்தரவைப் பிரதி எடுத்தேன். உத்தரவில் ஸ்டேட்டஸ் குவோ ஆண்டே என்று இருந்தது. கடைசிச் சொல் கை தவறிய கூடுதல் சொல் என்று நினைத்து நான் விட்டுவிட்டேன். ஸ்டேட்டஸ் குவோ என்றால் இப்போது இருக்கும் நிலை அப்படியே தொடர வேண்டும். ஆண்டே சேர்ந்தால், தகராறுக்கு முன்பு இருந்த நிலைக்குத் திரும்ப வேண்டும். வழக்குத் தாக்கலாவதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் ஒரு தரப்பு அங்கே வேலி போட்டிருந்தது. நீதிபதி வேலியை எடுக்கச் சொன்னார்; என் நகலோ வேலியைக் காத்தது. வாதியின் வழக்கறிஞர் இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தார், நகல் திருத்தப்பட்டது. ஆனால் அந்த இரண்டு நாளும் அந்தக் குடும்பம் தன் நிலத்துக்குள் நுழைய முடியாமல் நின்றது என்பதை நான் மறக்கவில்லை. உங்கள் கேள்விக்கு விடை இதுதான்: நகலில் ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள், மொழிபெயர்க்காதீர்கள், தவறு என்று தோன்றினாலும் திருத்தாதீர்கள். ஐயம் இருந்தால் கட்டோடு என்னிடம் வாருங்கள். தேவைப்பட்டால் நீதிபதியிடம் குறிப்பு வைப்போம்.

சைன் டை என்றால் 'நாள் இல்லாமல்'. அடுத்த வாய்தா குறிக்கப்படாமல் வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது, தள்ளுபடி ஆகவில்லை. நாட்குறிப்பில் தேதி இல்லாத கட்டு அலமாரியில் மறைந்துபோவது எளிது என்பதால், இத்தகைய வழக்குகளைத் தனிப் பதிவேட்டில் எழுதி மாதம் ஒருமுறை பார்வைக்கு எடுங்கள். இன் லிமினே என்பது 'வாசற்படியிலேயே' என்று பொருள்படும். மனு விரிவான விசாரணைக்குப் போகாமல் தொடக்கத்திலேயே தள்ளப்பட்டது என்று அறியுங்கள். பெண்டெண்டே லிட்டே என்றால் வழக்கு நிலுவையில் இருக்கும் காலம் வரை. ஆட் இண்டெரிம் என்றால் அதற்கும் குறுகிய, இடைக்கால மனு விசாரிக்கப்படும் வரையிலான ஏற்பாடு. ஆகவே ஆட் இண்டெரிம் உத்தரவு உள்ள கட்டுக்குத் தேதி தவறவே கூடாது.

இன் கேமரா என்பதில் வரும் கேமரா என்னும் சொல்லுக்கு லத்தீனில் 'அறை' என்று பொருள். பொதுமக்கள் இல்லாமல் நடக்கும் விசாரணை அது. அந்தக் கட்டை மேசைமேல் திறந்து வைக்கக் கூடாது. தரப்பினரல்லாத ஒருவர் நகல் கேட்டால் நீங்களாக முடிவெடுக்காமல் உத்தரவு கேளுங்கள். சப்பீனா என்றால் 'தண்டனைக்கு உட்பட்டு'; அதனோடு டூசஸ் டேக்கம் சேர்ந்தால் 'உன்னோடு கொண்டு வா' என்று பொருள், எனவே எந்தெந்த ஆவணங்கள் என்ற பட்டியலைத் தெளிவாக எழுதாமல் அந்த அழைப்பாணையை அனுப்பாதீர்கள்.

ஹேபியஸ் கார்பஸ் என்னும் ஆட்கொணர்வு மனுவுக்கு வரிசை கிடையாது. ஒருவரின் உடல் எங்கே அடைபட்டிருக்கிறது என்று கேட்கும் மனு அது. வந்த நாளிலேயே எண்ணிட்டு மேலே அனுப்புங்கள். சுவோ மோட்டூ என்றால் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்தது; பேச்சில் பலர் மோட்டோ என்பார்கள், எழுத்தில் கடைசி ஒலி உகரமே. ரெஸ் ஜூடிகாட்டா, ரேஷியோ டெசிடெண்டி, ஓபிட்டர் டிக்டா போன்றவை வழக்கறிஞர்களின் வாதத்துக்கும் நீதிபதியின் சிந்தனைக்கும் உரியவை. அவற்றைப் பிழையில்லாமல் எழுதினால் நமக்குப் போதும்.

முகப்பு மேசைக்கு வருபவர்களிடம் மட்டும் இந்தச் சொற்களை அப்படியே சொல்லாதீர்கள். சைன் டை என்று கேட்டுவிட்டு வழக்கே தோற்றுப்போனது என்று நினைத்துக் கண்கலங்கி நின்ற முதியவரை நான் பார்த்திருக்கிறேன். "தேதி பிறகு தெரிவிக்கப்படும், வழக்கு நிலுவையில்தான் இருக்கிறது" என்று தமிழில் சொல்லுங்கள். உத்தரவில் இருப்பதற்கு மேல் அறிவுரை சொல்வது நம் வேலை அல்ல, ஆனால் இருப்பதைப் புரியும்படி சொல்வது நம் கடமை.

நான் இத்தனை ஆண்டுகள் எழுதிவைத்த குறிப்பேடு இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மூன்று இடைக்கால மனுக்கள் வருகின்றன; பத்து மணிக்குள் கேவியட் பதிவேட்டை நாம் இருவரும் சேர்ந்தே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
இரா. சிவகாமி
தலைமை எழுத்தர்