ஓலைச்சுவடிக் கருத்தரங்கு: நிறைவு விழா நன்றியுரை

எல்லாருக்கும் வணக்கம். மணி ஐந்தைத் தாண்டிவிட்டது, வெளியூர்க்காரர்கள் பேருந்து பிடிக்க வேண்டும், அதனால் பெயர்களை வரிசையாக வாசிக்கப் போவதில்லை, அவை அழைப்பிதழிலேயே இருக்கின்றன. இன்றைய அமர்வுகளை நம் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்திலும் தேநீர் நேரத்திலும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன், அதில் கிடைத்ததை வைத்தே நன்றி சொல்கிறேன்.

தொடக்கவுரையாற்றிய ஐயா, 1880இல் இந்தக் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், உ.வே.சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டதைச் சொன்னார். நமக்குத் தெரிந்த கதைதான். ஆனால் 1887இல் அது அச்சில் வரும்வரை ஏட்டுக்கு ஏடு மாறும் பாடங்களை வைத்துக்கொண்டு சாமிநாதையர் பட்ட பாட்டை ஐயா விளக்கியபோது, பதிவில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

அடுத்த அமர்வு நேர்மாறு, பாதி நேரம் நாற்காலி இழுபடும் சத்தம்! செய்முறை காட்டிய அம்மாவின் மேசையைச் சுற்றி எல்லாரும் நின்றுவிட்டீர்கள். வாசனைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தடவியதும் ஓலை வளைந்து கொடுத்ததையும், விளக்குக்கரி பூசித் துடைத்தபின் எழுத்து கறுப்பாக எழும்பியதையும் பார்த்தோம். வீட்டு ஏட்டை வெயிலில் காயவைக்கலாமா என்று ஒரு மாணவி கேட்டதற்கு, "வேண்டவே வேண்டாம்மா, ஒடிஞ்சிடும்" என்று அவர் பதறியது பதிவில் அப்படியே இருக்கிறது. அம்மா, அந்தப் பதற்றத்துக்கே தனி நன்றி.

சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வு தூங்குவதற்கென்றே ஏற்பட்டது, அதில் நம்மை ஏடு படிக்க வைத்தாரே பேராசிரியர், அவருக்கு என்ன சொல்வது? புள்ளி கிடையாது, எகரம் ஏகாரம் ஒன்றுபோல இருக்கும், ஆகவே கண்முன் இருப்பது எரியா ஏரியா என்று அடுத்த சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். அவ்வளவுதான், அரங்கம் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. பதிவில் யார் குரல் யாருடையது என்றே தெரியவில்லை.

கடைசி வரிசையிலிருந்து பேசிய பெரியவருக்கும் நன்றி. தாத்தா காலத்து வைத்தியச் சுவடியைக் கொடுக்க மாட்டேன், வேண்டுமானால் வீட்டுக்கு வந்து படமெடுத்துக்கொள்ளுங்கள் என்றார். என்னைக் கேட்டால் இன்றைய பேச்சுகளில் மிக உருப்படியானது அதுதான், சுவடி தேடிப் போகிறவர்கள் அந்த வீடுகளின் மனதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அனுமதி தந்த முதல்வர், மைக் பார்த்த தம்பிகள், இரண்டாம் பந்திக்கும் சூடாகச் சாம்பார் ஊற்றிய சமையல்காரர்கள் எல்லாருக்கும் நன்றி. ஐயா, பெரியவரே, மைக் உங்கள் வரிசைக்கு எட்டவில்லை, உங்கள் பேச்சு பாதிதான் பதிவாகியிருக்கிறது. நாட்டுப்பண் முடிந்ததும் மேடைக்கு வந்து இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போங்கள், வீட்டுக்கு எப்போது வரலாம் என்பதையும் சேர்த்து.