வேளச்சேரியின் தண்ணீர்: நால்வர் கலந்துரையாடலுக்கான அறிமுக உரை

எல்லாருக்கும் காலை வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், நாற்காலி இருக்கிறது. மண்டபத்தின் மின்விசிறிக் காற்றும் இங்கேதான் நன்றாக வருகிறது.

நல சங்கச் செயலாளராக எனக்கு எட்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். மேடையில் இருக்கும் நால்வருக்கும் அதே எட்டு நிமிடம்தான். ஓரத்தில் பித்தளை மணியோடு உட்கார்ந்திருப்பது நம் மூன்றாவது தெரு நித்யா, பத்தாம் வகுப்பு. ஏழாவது நிமிடத்தில் ஒரு தடவை அடிப்பாள், எட்டாவதில் இரண்டு தடவை. எனக்கும் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

2015 டிசம்பரில் என் வீட்டு மாடிப்படியில் ஏழாவது படி வரை தண்ணீர் நின்றது. 2019 ஜூனில் அதே படியில் காலிக் குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு லாரிக்காகக் காத்திருந்தேன். அந்த வருடம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்புறம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். திரும்பவும் படிகளை எண்ணினோம். ஒரே வீட்டுக்குத் தண்ணீர் ஏன் இப்படி வருகிறது, ஏன் இப்படிப் போகிறது? இதற்கு முழுப் பதில் ஒருவரிடம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் நான்கு திசையிலிருந்து நால்வரை அழைத்தோம்.

பேசும் வரிசையைக் காலையில் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். வயது, பதவி எதையும் பார்க்கவில்லை. பட்டங்களெல்லாம் அழைப்பிதழில் இருக்கின்றன. அதில் இல்லாததை மட்டும் நான் சொல்கிறேன்.

முதல் சீட்டு ஏழுமலை அண்ணனுக்கு. கிணறு வெட்டுவது, தூர் எடுப்பது, உறை இறக்குவது இதெல்லாம் அவர் வேலை. அவருடைய அப்பாவும் இதே வேலைதான் செய்தார். வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் எந்தத் தெருவில் எத்தனை அடியில் களிமண், எத்தனை அடியில் மணல் என்பது அவருக்கு மனப்பாடம். போன வாரம் பார்க்கப் போனபோது ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே பொட்டலம் பொட்டலமாக மண், ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் தெருவின் பெயர். நம் தெரு மண்ணை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கருப்பாக, பிசுபிசுவென்று ஒட்டியது. "இதுல தண்ணி இறங்காது அக்கா, நிக்கும்" என்றார். அந்த டப்பாவை மேசை மேல் வைத்திருக்கிறார், சாப்பாட்டு நேரத்தில் வந்து தொட்டுப் பாருங்கள்.

இரண்டாவது டாக்டர் ஷாஹிதா. பொது மருத்துவர். வெள்ளம் வடிந்த பிறகு வரும் எலிக்காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் வருடாவருடம் பார்க்கிறவர். தண்ணீர் போய்விட்டது, ஆபத்தும் போய்விட்டது என்று நாம் நினைக்கும் நேரத்தில்தான் அவருடைய வேலையே ஆரம்பிக்கிறது. காலில் சின்னக் கீறல் இருந்தால்கூட அழுக்குத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று இந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னவர். எந்தக் காய்ச்சலுக்கு எத்தனை நாள் காத்திருக்கலாம், எப்போது உடனே ஓட வேண்டும் என்பதை இன்று சொல்லப்போகிறார். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ராமலிங்கம் ஐயா. ஏரிகள், மதகுகள், கலங்கல்கள் என்று 34 வருடம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி என்று மழைக்காலத்தில் செய்தியில் கேட்கிறோம். ஆனால் 22 அடிக்கும் 23 அடிக்கும் நடுவில் ஷட்டரைத் திறப்பதா, பொறுப்பதா என்று ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. சீக்கிரம் திறந்தால் கோடையில் குடிக்கத் தண்ணீர் இருக்காது, தாமதித்தால் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகும். அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை நமக்குப் புரியும் தமிழில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நான்காவது முனைவர் எஸ்தர். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றி ஆய்வு செய்கிறவர். 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் அதற்குக் கிடைத்தது. நமக்கு அது பேருந்து ஜன்னலில் தெரியும் கோரைப்புல்லும், ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடும்தான். அவர் விடியற்காலையில் போய் நீலத் தாழைக்கோழிகளையும் பூநாரைகளையும் எண்ணுகிறார். நம் பக்கத்து மழைநீர் அந்தச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, முட்டுக்காட்டில் கடலுக்குப் போக வேண்டும். இந்த வழியில் எங்கே அடைத்தாலும் நம் தெருவில் தேங்கும். அவர் எண்ணும் பறவைகள் குறைந்தால் நம் மாடிப்படிக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். மேடையில் சொல்கிறேன் என்று சிரித்தார்.

சரி, நேரக்கணக்கு இதுதான். பத்தே காலுக்குத் தொடங்கினோம். என்னையும் சேர்த்து ஐந்து எட்டு நிமிடம் போனால் 10.55. அதன் பிறகு 11.30 வரை நால்வரும் தங்களுக்குள் பேசுவார்கள். அந்தச் சுற்று கடைசியில் பேசியவரிடமிருந்து தொடங்கும், இறுதியில் பேசியதால் யாருக்கும் குறை வந்துவிடக் கூடாது. 11.30 முதல் 12 மணி வரை உங்கள் கேள்விகள். ஒருவருக்கு ஒரு கேள்வி, அரை நிமிடத்துக்குள். உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லத் தோன்றும், எனக்கும் தோன்றுகிறது. சாப்பாட்டுப் பந்தியில் அவர்கள் நம்மோடுதான் உட்காரப்போகிறார்கள், அங்கே ஆற அமரச் சொல்லலாம். டாக்டருக்கு ஒரு மணிக்கு மருத்துவமனையில் வேலை, அவருக்கு முதல் பந்தி.

இவர்கள் நால்வரையும் ஒரே இழையில் கோக்கப்போகிறவர் நம் நெறியாளர் வானதி. பத்திரிகையாளர். நகராட்சிக் கூட்டங்களிலும் நிவாரண முகாம்களிலும் நின்று செய்தி எழுதியவர். கடந்த பத்து நாளில் நால்வரிடமும் தனித்தனியாகப் பேசிவிட்டார். யாராவது நேரம் தாண்டினால் நான் தயங்குவேன், அவர் தயங்க மாட்டார். அதனால்தான் அவரிடம் ஒப்படைக்கிறோம்.

வானதி, வாசலில் வைத்த பெட்டியில் நம் மக்கள் எழுதிப் போட்ட கேள்விச் சீட்டுகள் இந்த உறையில் இருக்கின்றன. நேற்று ராத்திரி பிரித்துப் படித்தேன். பாதிச் சீட்டுக்கு மேல் ஒரே கேள்விதான், கையெழுத்து மட்டும்தான் வேறு: "மழை நின்ன பிறகும் எங்க தெருவுல மூணு நாள் தண்ணி ஏன் வடிய மாட்டேங்குது?" களிமண்ணைப் பற்றி ஏழுமலை அண்ணன் சொன்னதில் இதற்குப் பாதிப் பதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. முதல் சீட்டும் அவருடையதுதான். அவரிடமிருந்தே ஆரம்பியுங்கள்.

நித்யா மணியை எடுத்துவிட்டாள். வாங்க வானதி, இந்தாங்க மைக்.